விரதமும் இருவகை மருந்துகளும்

இரண்டாம் வகை நீரிழிவுக்குரிய இரு மருந்துகளை இன்று காண்போம். குடல் சுரக்கும் இன்கிரிட்டினைப் போன்று செயற்படும் செமாகுளூட்டைடு, குருதியில் சர்க்கரை உயரும்போது இன்சுலின் சுரப்பைத் தூண்டுகிறது, இரைப்பையின் இயக்கத்தைத் தாமதப்படுத்துகிறது, குமட்டலும் தரலாம். எம்பாகிளிஃப்ளோசினோ, சிறுநீரகம் சர்க்கரையை மீட்டு உறிஞ்சுவதைத் தடுத்து, சிறுநீர்வழி வெளியேற்றுகிறது. இதனால் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று நேரலாம்.

பிரிக்பீல்ட்ஸில் வாழும் ஒருவர், எம்பாகிளிஃப்ளோசினை உட்கொண்டவாறே கடுமையான தைப்பூச விரதம் இருக்கிறார் எனக் கொள்வோம். உணவு குறையவே இன்சுலினும் குறைகிறது. உடல் கொழுப்பை எரிக்கிறது. கீட்டோன் அமிலம் பெருகுகிறது. சர்க்கரை சிறுநீரில் கழிவதால் அளவுமானி 9 மில்லிமோல் என்றே காட்டக்கூடும். ஆகவே வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு ஆகியவற்றை விரதக் களைப்பென்றே அவர் கருதிவிடலாம். இரு மருந்துகளையும் ஒருங்கே உட்கொள்வோர்க்குக் குமட்டலே உணவைக் குறைத்து இந்நிலைக்கு வழிகோலலாம்.

எனவே இவ்வறிகுறிகள் தோன்றின், சர்க்கரை அளவை நம்பிக் காத்திராமல், மருத்துவமனையில் குருதிக் கீட்டோனைச் சோதித்தல் வேண்டும். 3 மில்லிமோலும் அதற்கு மேலும் பேரிடர். விரதத்திற்கு முன்பே, எம்மருந்தை நிறுத்துவது என்பதை மருத்துவரிடம் கேட்டறிவோம்; இன்சுலினை நாமாக நிறுத்தலாகாது.