ஸ்கேனில் ஒன்றுமில்லை என்ற பிறகும் முதுகில் ஏன் ஊசி?

(தோட்டக் கமிட்டித் தலைவர்களும் மாதர் அணியினரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நாள் சம்பளத்தையும் வேலை நாளையும் பேசுகிற கூட்டத்தில் வாத்தியார் தலைவலியைப் பற்றிப் பேச வந்திருக்கிறாரே என்று நினைக்காதீர்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் "முதுகிலிருந்து தண்ணீர் எடுக்க வேண்டும்" என்று சொன்னதும் நம் ஆட்கள் மிரண்டு போகிறார்கள். "அந்த ஊசி போட்டால் இடுப்பு விளங்காது" என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். "ஸ்கேனில்தான் ஒன்றுமில்லையே" என்று கையெழுத்து வைத்துவிட்டு நோயாளியை லயத்துக்குக் கூட்டிவந்து விடுகிறோம். அந்த ஊசி எதற்கு, அதைக் கேட்பதற்கு என்ன காரணம் என்பதை மட்டும் இன்று சொல்கிறேன்.

நமக்குத் தெரிந்த தலைவலிகள் பல உண்டு. வெயிலில் நின்றால் வரும், சாப்பிடாமல் மலைக்குப் போனால் வரும், தடிமன் பிடித்தால் வரும். இவையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். ஒற்றைத் தலைவலிகூட ஒரு மணித்தியாலம், இரண்டு மணித்தியாலம் எடுத்துத்தான் உச்சத்துக்குப் போகும். நான் சொல்லவந்தது வேறு வகை. இடி விழுந்த மாதிரி வரும். ஒன்றிலிருந்து அறுபது வரை எண்ணி முடிப்பதற்குள் அதன் முழு வேகமும் வந்துவிடும். வந்தவர்கள் "யாரோ பின்மண்டையில் கட்டையால் அடித்த மாதிரி" என்பார்கள். வலி எவ்வளவு பெரிது என்பதைவிட, எவ்வளவு விரைவாக உச்சத்துக்குப் போனது என்பதுதான் இங்கே முக்கியம்.

இப்படி வருகிற எல்லோருக்கும் மூளையில் இரத்தம் கசிவதில்லை. பெரும்பாலானவர்களுக்குக் காரணம் வேறாக இருக்கும். ஆனால் ஆளைப் பார்த்து இன்னாருக்குக் கசிந்திருக்கிறது, இன்னாருக்கு இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது. மூளையைச் சுற்றி உறைகள் உண்டு. உள் உறைகளுக்கு நடுவே தெளிந்த நீர் ஓடுகிறது. மூளையின் அடிப்பக்க இரத்தக்குழாயில் சிலருக்கு ஓரிடம் மெலிந்து சிறு கொப்புளம் போல உப்பியிருக்கும். பழைய சைக்கிள் டியூபில் ஒரு பக்கம் புடைத்து நிற்குமே, அதுபோல. அது உடைந்தால் இரத்தம் அந்தத் தெளிந்த நீருக்குள் பாய்கிறது. பிரஷர் உள்ளவர்களுக்கும் பீடி, சிகரெட் குடிப்பவர்களுக்கும் இந்த ஆபத்து கூடுதல்.

இனி ஓர் உதாரணம். நடந்த கதையல்ல, நம் நிலைமைக்குப் பொருத்தமாக நான் அமைத்துக்கொண்டது.

46 வயதான ஓர் அக்கா. காலை 9.40க்குக் கொழுந்து நிறுக்கிற இடத்தில் சாக்கைத் தூக்குகிறார். தூக்கிய அந்தக் கணத்தில் பின்மண்டையில் வலி வெடிக்கிறது. உட்கார்ந்து வாந்தி எடுக்கிறார். தலையில் தைலம் தேய்த்து இரண்டு பனடோல் கொடுக்கிறார்கள். பதினொரு மணிக்கு வலி பாதியாகக் குறைகிறது. இங்கேதான் நாம் ஏமாறுகிறோம். கசிவு தானாக நின்றதாலும் வலி தணியலாம். குறைந்துவிட்டது என்பதற்காக ஆபத்து போய்விட்டது என்று அர்த்தமில்லை. உடைந்த இடத்தில் இப்போது இருப்பது மெல்லிய இரத்தக்கட்டி ஒன்றுதான். அது மறுபடி உடைகிற அபாயம் முதல் 24 மணித்தியாலத்தில்தான் மிக அதிகம். இரண்டாவது முறை உடைந்தால் பிழைப்பது கடினம்.

ஒரு மணிக்குத் தோட்ட டிஸ்பென்சரி. பிரஷர் கூடியிருக்கிறது. "பிரஷர் தலைவலி" என்று முடிவுகட்டுவது இங்கே சுலபம். ஆனால் கசிவும் வலியுமே பிரஷரை ஏற்றிவிடும். கழுத்தை முன்னே குனியச் சொன்னால் அக்காவால் நாடியை நெஞ்சில் தொட முடியவில்லை. கழுத்து விறைத்திருக்கிறது. அதைக் கண்டதும் அனுப்பிவிடுகிறார்கள். நான்கு மணிக்கு ஆதார வைத்தியசாலை. அங்கிருந்து ஸ்கேன் உள்ள பெரிய ஆஸ்பத்திரி. ஸ்கேன் எடுக்கும்போது இரவு 8.30. வலி தொடங்கி கிட்டத்தட்ட 11 மணித்தியாலம்.

ஸ்கேனில் புதிய இரத்தம் வெள்ளையாகத் தெரியும். வலி தொடங்கி 6 மணித்தியாலத்துக்குள், நல்ல இயந்திரத்தில் எடுத்து, அனுபவமுள்ள டாக்டர் பார்த்தால் கிட்டத்தட்ட எந்தக் கசிவும் தப்பாது. அதற்குள் எடுத்த ஸ்கேன் தெளிவாக இருந்தால் "ஊசி தேவையில்லை" என்று டாக்டர் சொல்லலாம். அது கவனக்குறைவல்ல. ஆனால் நேரம் போகப் போக இரத்தம் அந்த நீரில் கலந்து, கரைந்து, மங்கிவிடும். ஒரு நாள் கழிந்தால் ஏறத்தாழ பத்தில் ஒரு கசிவு ஸ்கேனுக்குத் தெரியாமல் போகலாம். ஒரு வாரமானால் பாதி தெரியாது. மலையிலிருந்து இறங்கி, வாகனம் தேடி, ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து இன்னோர் ஆஸ்பத்திரிக்குப் போகிற நமக்கு அந்த 6 மணித்தியாலம் எப்படிப் போகும் என்று உங்களுக்கே தெரியும். பட்டணத்தில் இருப்பவருக்குத் தேவைப்படாத ஊசி நமக்குத் தேவைப்படுவதற்குக் காரணம் இந்தத் தூரம்தான்.

அக்காவின் ஸ்கேனில் இரத்தம் தெரியவில்லை. டாக்டர் முதுகில் நீர் எடுக்க வேண்டும் என்கிறார். ஆனால் உடனே அல்ல, இரவு பத்து மணிக்குப் பிறகு. "அவசரம் என்கிறார்கள், பிறகு காத்திருக்கச் சொல்கிறார்கள்" என்று வீட்டுக்காரர் கோபப்படுகிறார். காத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது.

கையில் அடிபட்டுக் கன்றிப்போனால் முதலில் கறுத்துச் சிவந்திருக்கும், பிறகு மஞ்சளாகும். உடம்பு இரத்தத்தை உடைக்கும்போது அந்த மஞ்சள் வருகிறது. மூளையைச் சுற்றிய நீரிலும் அதேதான். கசிந்த இரத்தம் உடைந்து மஞ்சளாக ஏறத்தாழ 12 மணித்தியாலம் எடுக்கும். பிறகு இரண்டு வாரமளவு அந்த மஞ்சள் நிற்கும். ஊசி குத்தும்போது சிறு குழாய் ஒன்றில் பட்டு நீரில் சிவப்பு கலக்கலாம். ஆனால் அது அந்த நிமிஷத்து இரத்தம், மஞ்சளாக இருக்க முடியாது. ஆகவே சிவப்பை மட்டும் கண்டு டாக்டர் முடிவு செய்யமாட்டார், மஞ்சளைத் தேடுவார். 12 மணித்தியாலத்துக்கு முன் எடுத்தால் இந்த வித்தியாசம் தெளிவாகத் தெரியாமல் போய்விடும்.

ஸ்கேன் ஆரம்ப மணித்தியாலங்களில் வல்லது. முதுகு நீர் பிந்திய நாட்களில் வல்லது. வலி வந்து ஐந்து நாள் கழித்துப் போனவருக்கும் இந்தப் பரிசோதனையில் உண்மை தெரியும். "இவ்வளவு நாளாச்சே, இனி என்ன" என்று இருந்துவிடாதீர்கள்.

இனி அந்தப் பயத்துக்கு வருவோம். நோயாளியை ஒரு பக்கமாகப் படுக்கவைத்து, வயிற்றுப் பிள்ளை மாதிரி முழங்காலை மடித்து நெஞ்சோடு சேர்க்கச் சொல்வார்கள். இடுப்பில் மரத்துப்போக மருந்து போடுவார்கள். பிறகு கீழ் இடுப்பெலும்புகள் இரண்டின் நடுவே மெல்லிய ஊசி போகும். முதுகுத்தண்டின் உள்ளே ஓடும் முண்ணாண் பெரியவர்களுக்கு இடுப்பின் மேற்பகுதியிலேயே முடிந்துவிடுகிறது. ஊசி போகும் இடம் அதற்கும் கீழே. அங்கே இருப்பவை நீரில் நூல் நூலாக மிதக்கிற நரம்புகள். ஊசி வந்தால் பெரும்பாலும் விலகிக்கொடுக்கும். சில நேரம் காலில் கரண்ட் அடித்தது போல் ஒரு வெட்டு வரும். அசையாமல் டாக்டரிடம் சொன்னால் ஊசியைத் திருப்பிக்கொள்வார். கால் விளங்காமல் போவது மிக மிக அரிது.

எடுக்கிற நீர் மூன்று நான்கு சிறு குழாய்களில், மொத்தம் இரண்டு தேக்கரண்டிக்கு மேல் இராது. நம் உடம்பு ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட அரை லீற்றர் இந்த நீரைச் சுரக்கிறது. எடுத்தது சில மணித்தியாலங்களில் ஊறிவிடும். வெளிச்சம் பட்டால் மஞ்சள் மங்கிவிடும் என்பதால் ஒரு குழாயை மூடிக்கட்டி லேபுக்கு அனுப்புவார்கள். அதே நீரில் மூளைக்காய்ச்சல் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுவார்கள், அதுவும் கடும் தலைவலியும் கழுத்து விறைப்பும் தரக்கூடியது.

பின்விளைவே இல்லை என்று சொல்லமாட்டேன். சிலருக்கு ஊசிக்குப் பிறகு எழுந்து உட்கார்ந்தால் தலை வலிக்கும், படுத்தால் குறையும். அது சில நாளில் போய்விடும், போகாவிட்டால் அதற்கும் வைத்தியம் உண்டு. இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை குடிப்பவர்களுக்கு இந்த ஊசி ஆபத்தாகலாம். ஆகவே கிளினிக் கொப்பியையும் குடிக்கிற மாத்திரைகளையும் மறக்காமல் கொண்டு போய்க் காட்டுங்கள்.

அந்த அக்காவுக்கு வீட்டுக்காரர் கையெழுத்து வைத்தார் என்று வைத்துக்கொள்வோம். 10.30க்கு எடுத்த நீர் மஞ்சள். அடுத்த பரிசோதனையில் இரத்தக்குழாய்க்கு மருந்து செலுத்திப் படமெடுத்தால் உப்பிய இடம் தெரிகிறது. அதை கிளிப் போட்டு மூடலாம், அல்லது குழாய் வழியாகப் போய் உள்ளே மெல்லிய கம்பிச் சுருளால் அடைக்கலாம். மூளைக் குழாய்கள் சுருங்காதிருக்க 21 நாளைக்கு மாத்திரை கொடுப்பார்கள். கையெழுத்து வைக்காமல் லயத்துக்குத் திரும்பியிருந்தால், அந்த இரண்டாவது உடைவுக்குக் காத்திருந்திருப்போம்.

நீர் தெளிவாக இருந்தால் கசிவு என்ற சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அப்போது டாக்டர் மற்றக் காரணங்களைத் தேடுவார். எந்த முடிவு வந்தாலும் அந்த ஊசி வீணில்லை.

தலைவர்மாருக்கும் மாதர் அணிக்கும் மூன்று வேலை. ஒன்று, மலையில் யாருக்காவது இப்படி வலி வந்தால் உடனே நேரத்தைப் பாருங்கள். கையில் எழுதினாலும் சரி. "காலையிலிருந்து தலைவலி" என்று சொன்னால் ஆஸ்பத்திரியில் சாதாரண வரிசையில் உட்காரவைத்து விடுவார்கள். "9.40க்கு, ஒரு நிமிஷத்தில் உச்சத்துக்கு வந்தது" என்று சொன்னால் கதை மாறும். தமிழ் தெரியாத டாக்டர் என்றால் "ஹிசரதய எகபாரடம ஆவா" என்று சொல்லுங்கள், தலைவலி ஒரேயடியாக வந்தது என்று அர்த்தம். இரண்டு, லொறிக்காகக் காத்திருக்காமல் 1990க்கு அழையுங்கள், அந்த அம்புலன்ஸுக்குக் காசில்லை. அஸ்பிரின் கொடுக்காதீர்கள், அது இரத்தம் உறைவதைத் தடுக்கும். மயங்கி விழுந்தால், வலிப்பு வந்தால், அதையும் சொல்லுங்கள். மூன்று, ஸ்கேன் தெளிவு என்ற பிறகு வீட்டுக்குக் கூட்டிப்போக உறவினர் கையெழுத்து வைக்கப் போனால், அவரை நிறுத்தி ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: "டாக்டர், வலி வந்து எத்தனையாவது மணித்தியாலத்தில் இந்த ஸ்கேன் எடுத்தீர்கள், முதுகு நீர் பார்க்க வேண்டுமா?" அந்தப் பதிலைக் கேட்ட பிறகு முடிவெடுக்கட்டும்.