ஓர் ஆகாரமும் இரண்டு ஓதல்களும்

என் மகள் மொரோக்கோக்காரர் ஒருவரின் பின்னால் தொழுதுவிட்டு வந்து, “அத்தா, இமாம் ஃபாத்திஹாவையே தப்பா ஓதுறாரு” என்றாள். அவள் ‘மாலிகி’ என்று படித்த சொல்லை அவர் ‘மலிகி’ என்று ஓதியிருக்கிறார்.

அது தவறு அல்ல. நாம் படிப்பது ஆஸிமிடமிருந்து ஹஃப்ஸ் அறிவித்த ஓதல். மொரோக்கோவில் ஓதுவது நாஃபிஇடமிருந்து வர்ஷ் அறிவித்தது. பழைய பிரதிகளில் அந்தச் சொல் மீம், லாம், காஃப் என மூன்றே எழுத்து. அதனால் இரண்டு ஓதலுக்கும் அதில் இடமுண்டு. நெடிலாக ஓதினால் ‘உரிமையாளன்’, குறிலாக ஓதினால் ‘அரசன்’.

அப்படியானால் விருப்பம்போல் குறுக்கலாமா? கூடாது. ஹஃப்ஸ் முறையில் ஓதும் பிள்ளை கவனக்குறைவாக ‘மலிகி’ என்றால் ஆசிரியர் திருத்துவார். இங்கே நீட்டம் இரண்டு ஹரகத். நம் நெடிலின் இரண்டு மாத்திரை போல. ஒரே ஓதலில் இரு முறைகளையும் கலப்பதும் கூடாது.

அதே அத்தியாயத்தின் கடைசிச் சொல்லான ‘ழ்ழால்லீன்’ என்பதைப் பாருங்கள். ஆகாரத்தின் பின் இரட்டித்த லாம் வருவதால் அதை ஆறு ஹரகத் நீட்ட வேண்டும். இதில் ஹஃப்ஸும் வர்ஷும் ஒன்றுதான். அங்கே இரண்டோடு நிறுத்தினால் எந்த முறையிலும் பிழையே.

வேறுவிதமாக ஓதுவதைக் கேட்டால், “இது யாருடைய அறிவிப்பு?” என்று முதலில் கேளுங்கள். பதில் இருந்தால் அது கிராஅத். இல்லாவிட்டால்தான் பிழை.