பராமரிப்புத் தீர்ப்பாயத்தில் ஒரு தாயின் மனு

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007, வளர்ந்த பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கேட்கும் உரிமையைப் பெற்றோருக்குத் தருகிறது. தமிழ்நாட்டில் இந்த மனு சிவில் நீதிமன்றத்துக்குப் போவதில்லை. வருவாய் கோட்டாட்சியரின் தலைமையில் இயங்கும் பராமரிப்புத் தீர்ப்பாயம் அதை விசாரிக்கிறது. பட்டாவுக்கும் சாதிச் சான்றிதழுக்கும் மக்கள் ஏறி இறங்கிய அதே ஆர்.டி.ஓ. அலுவலகந்தான். தனக்கென்று இருக்கும் வருமானத்தாலும் சொத்தாலும் தன்னைக் காத்துக்கொள்ள முடியாத பெற்றோர் எவரும் மனுச் செய்யலாம். தாய், தந்தை என்ற முறையில் கேட்பவருக்கு 60 வயது நிறைந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. பிள்ளையில்லாத மூத்த குடிமக்கள், தங்கள் சொத்தை வைத்திருக்கும் அல்லது தங்களுக்குப் பின் அதை அடையப்போகும் உறவினரிடம் கேட்கலாம்.

மனு எப்படி அமைய வேண்டும் என்பதை ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு பார்க்கலாம். கணவரை இழந்த 71 வயதுத் தாய் ஒருவர். மூத்த மகனுக்கு மாதச் சம்பளம் 32,000 ரூபாய். இளைய மகன் திருப்பூர் பனியன் கம்பெனியில் 22,000 ரூபாய்க்கு வேலை பார்க்கிறார். மணமான மகள் தையல் வேலையில் 8,000 ரூபாய் ஈட்டுகிறார். தாய் தன் வீட்டை மூத்த மகன் பெயருக்கு தானசெட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துவிட்டார். பிறகு அந்த வீட்டிலேயே இருக்க முடியாமல் போய், தெருக்கோடியில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக் குடியிருக்கிறார்.

இப்படிப்பட்டவர்கள் எழுதித் தரும் மனுக்களில் துயரம் பக்கம் பக்கமாக இருக்கும், தொகை இருக்காது. மருமகள் சொன்ன சொல், பேரனைப் பார்க்க விடாத நாள், பண்டிகைக்குக் கூப்பிடாத குறை எல்லாம் உண்மையே, சொல்லத்தான் வேண்டும். ஆனால் தீர்ப்பாயம் உத்தரவிடக்கூடியது மாதத்துக்கு இவ்வளவு என்ற ஓர் எண். அந்த எண் மனுவில் இல்லாவிட்டால் அலுவலர் தாமாக ஊகித்து ஒன்றைப் போடுவார், அது பெரும்பாலும் தேவைக்குக் குறைவாகவே இருக்கும். ஆகவே கணக்கு முதலில் வர வேண்டும். இந்தத் தாய்க்கு அரிசி, மளிகை, காய்கறிக்கு 3,500, இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை 1,800, வாடகை 2,500, எரிவாயுவும் மின்சாரமும் 700, துணிமணி, ஆஸ்பத்திரிப் போக்குவரத்து 800. மொத்தம் 9,300 ரூபாய். கைக்கு வரும் முதியோர் உதவித்தொகை 1,200. அதைக் கழித்தால் தேவை 8,100 ரூபாய். உதவித்தொகை வருவதை மறைப்பது தவறு. எதிர்த்தரப்பு அதை எடுத்துக்காட்டும்போது மனுவின் மற்றப் பகுதிகள்மீதும் சந்தேகம் விழும்.

மறுத்ததற்கான சான்று அடுத்தது. இதற்கு வங்கிப் பாஸ்புத்தகத்தைவிட நல்ல சாட்சி கிடைக்காது. இளைய மகனிடமிருந்து மாதந்தோறும் 2,000 ரூபாய் வரவு பதிந்து வந்து, ஒரு மாதத்தோடு வரிசை அறுந்துபோயிருந்தால், அந்த ஒரு பக்கத்தின் நகலே போதும். மருந்துச் சீட்டு, வாடகை ரசீது, செட்டில்மெண்ட் பத்திர நகல் ஆகியவற்றையும் இணைக்க வேண்டும்.

எதிர்மனுதாரராக யாரைச் சேர்ப்பது என்பதில்தான் பல தாய்மார்கள் தடுமாறுகிறார்கள். வீட்டை வாங்கிக்கொண்ட மகனை மட்டும் சேர்த்து, மகளைப் பாசத்தால் விட்டுவிடுகிறார்கள். சட்டம் மகனையும் மகளையும் பிரித்துப் பார்க்கவில்லை. மணமாகிவிட்டது என்பதால் மகளின் கடமை தீர்ந்துவிடாது. வயது வந்த பேரப்பிள்ளைகளும் அதில் அடக்கம். ஒருவரை மட்டும் சேர்த்தால், அவர் மற்றவர்களையும் சேர்க்கச் சொல்லித் தாமே மனுப் போடலாம், அதில் நாள்கள் கழியும். எல்லாரையும் தொடக்கத்திலேயே சேர்ப்பது நல்லது. மருமகளும் மருமகனும் இச்சட்டத்தின் ‘பிள்ளைகள்’ என்ற வரையறைக்குள் வருவதில்லை. அவர்களைச் சேர்க்கும் திருத்த மசோதா 2019இல் வந்தது, சட்டமாகவில்லை.

தாய் குடியிருக்கும் மாவட்டத்திலும், கடைசியாகக் குடியிருந்த மாவட்டத்திலும், பிள்ளைகள் இருக்கும் மாவட்டத்திலும் மனுக் கொடுக்கலாம். திருப்பூருக்கு அலைய வேண்டியதில்லை. எழுந்து நடக்க முடியாதவர் சார்பில் அவர் அதிகாரம் அளித்த ஒருவரோ ஓர் அமைப்போ தரலாம். மனுவின் கோரிக்கைப் பகுதியில் இரண்டு வரிகள் தவறாமல் இருக்க வேண்டும். விசாரணை முடியும்வரை இடைக்காலத் தொகை வழங்க வேண்டும் என்பது ஒன்று. இறுதித் தொகையை மனுத் தாக்கல் செய்த நாளிலிருந்து கணக்கிட வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டாவது வரியைத் தீர்ப்பாயம் ஏற்று உத்தரவில் எழுதாவிட்டால், உத்தரவு நாளிலிருந்துதான் தொகை சேரும்.

அறிவிப்புச் சார்வான நாளிலிருந்து 90 நாள்களுக்குள் மனுவை முடிக்க வேண்டும். தனிக் காரணம் இருந்தால் அதை எழுதி வைத்து ஒரே முறை 30 நாள் நீட்டிக்கலாம். விசாரணைக்கு முன் சமரச அலுவலரிடம் அனுப்பினால் அவர் ஒரு மாதத்துக்குள் அறிக்கை தர வேண்டும். அந்த மேசையில் மூத்த மகன், “அம்மாவை நானே வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன்” என்று சொல்லலாம். தாயும் அங்கேயே கண்கலங்கி ஒப்புக்கொள்வார். அந்த வாக்கு மட்டும் போதாது. எந்த அறை, மருந்துச் செலவு யாருடையது, கையில் மாதம் எவ்வளவு என்பதெல்லாம் சமரசக் குறிப்பில் ஏறி, அதன்படி தீர்ப்பாயம் உத்தரவிட வேண்டும். இல்லாவிட்டால் வாக்கு மீறப்படும்போது தாய் புதிதாக மனு எழுத வேண்டியிருக்கும்.

சமரசம் ஆகாவிட்டால் சுருக்கமான விசாரணை நடந்து தொகை பகிரப்படும். இங்கே மூத்தவருக்கு 4,500, இளையவருக்கு 2,500, மகளுக்கு 1,000 என 8,000 ரூபாய் வரலாம். மூலச் சட்டத்தின்படி உச்சவரம்பு மாதம் 10,000 ரூபாய். பக்கவாதம் வந்து ஆள் வைத்துப் பார்க்க வேண்டிய நிலையில் இருப்பவருக்கு இது போதவே போதாது. இந்த வரம்பு என்றோ உயர்ந்திருக்க வேண்டும்.

வீட்டைத் திரும்பப் பெறுவது தனிக் கோரிக்கை; அது 23ஆம் பிரிவின்கீழ் வரும். அடிப்படை வசதிகளையும் தேவைகளையும் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு, இச்சட்டம் நடைமுறைக்கு வந்த பின் எழுதிய பத்திரமாக இருந்து, நிபந்தனை மீறப்பட்டால், அந்தப் பத்திரம் செல்லாது என்று தீர்ப்பாயம் அறிவிக்கலாம். பத்திர எழுத்தர்கள் வழக்கமாகப் போடும் ‘அன்பினாலும் பாசத்தினாலும்’ என்ற தொடர் மட்டும் இருந்தால்தான் சிக்கல். நிபந்தனை இருந்ததை நிறுவியாக வேண்டும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில், மத்தியப் பிரதேசத் தாய் ஒருவரின் வழக்கில், தானப் பத்திரத்தோடு அதே நாளில் மகன் தனியாக எழுதிக் கொடுத்த உறுதிமொழியையும் சேர்த்துப் படித்து, சொத்தைத் தாயிடமே ஒப்படைக்கச் சொன்னது. பத்திரம் எழுதுவதற்கு முன் இருப்பவர்கள், பராமரிப்பு நிபந்தனையைப் பத்திரத்திலேயே ஒரு வரியாக எழுதச் சொல்ல வேண்டும். உயில் மட்டும் எழுதியிருப்பவருக்கு இந்தத் தொல்லை இல்லை. அதை அவரே ரத்து செய்துவிடலாம்.

உத்தரவுக்குப் பிறகும் வேலை இருக்கிறது. 30 நாள்களுக்குள் தொகையைச் செலுத்த வேண்டும். செலுத்தாவிட்டால் தீர்ப்பாயம் வாரண்ட் பிறப்பித்து வசூலிக்கலாம். அதன் பின்னும் நிலுவை நின்றால் ஒரு மாதம்வரை, அல்லது பணம் கட்டும்வரை, சிறையில் வைக்கலாம். ஆனால் ஒவ்வொரு மாதத் தொகையையும் அது சேர வேண்டிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கேட்டாக வேண்டும். மகன் எப்படியும் அனுப்பிவிடுவான் என்று ஆறு மாதம் காத்திருக்கும் தாய், முதல் மூன்று மாதத் தொகையை இந்த வழியில் வசூலிக்கும் வாய்ப்பை இழந்துவிடுகிறார். தொகை குறைவு என்று கருதினால் 60 நாள்களுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். பின்னாளில் நோய் கூடியோ பிள்ளையின் வருமானம் மாறியோ சூழ்நிலை வேறுபட்டால், அதே தீர்ப்பாயத்தில் தொகையை மாற்றியமைக்கக் கேட்கலாம்.