புயலின் பெயரா, காற்றின் வேகமா? கடலுக்குப் போகுமுன் பார்க்க வேண்டியது எது?



பேராக் தோட்டங்களில் பால் மரம் வெட்டியவர்கள் விடியற்காலையில் வானத்தைப் பார்த்தே வேலையை முடிவு செய்தார்கள். கணிப்பு தவறினால் பால் மழையில் கரையும், ஒருநாள் கூலி போகும். லூமுட், பங்கோர், பாகான் டத்தோ கடலில் கணிப்பு தவறினால் ஆளே திரும்புவதில்லை. ஆகவே கடலுக்குப் போகிறவருக்கு வானத்தோடு வானிலை அறிக்கையையும் படிக்கத் தெரிய வேண்டும்.

அந்த அறிக்கையில் பலரும் முதலில் தேடுவது "புயல்" என்ற சொல்லை. அது இல்லாவிட்டால் பயமில்லை என்று நினைக்கிறார்கள். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கணக்கில், காற்று மணிக்கு ஏறக்குறைய 31 முதல் 50 கிலோமீட்டர் வரை வீசினால் அது காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். அதற்கு மேல் ஆழ்ந்த தாழ்வு மண்டலம். சுமார் 62 கிலோமீட்டரைத் தாண்டினால்தான் புயல் என்ற பெயரே வரும். ஆனால் சிறு படகைக் கவிழ்க்க 45 கிலோமீட்டர் காற்றே போதும். அதாவது புயல் என்று பெயர் சூட்டப்படுவதற்கு முன்பே சிறு படகுக்கு ஆபத்து வந்துவிடுகிறது.

2017இல் கன்னியாகுமரியைத் தாக்கிய ஒக்கிப் புயல் இதற்குச் சாட்சி. நவம்பர் 29ஆம் தேதி அது வெறும் தாழ்வு மண்டலம். மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம் என்ற வரி அன்றே அறிக்கையில் இருந்தது. மறுநாள், 30ஆம் தேதி அது புயலாகிவிட்டது. இடையில் ஒரே நாள்தான். ஏற்கெனவே கரையிலிருந்து வெகுதூரம் போய்விட்ட விசைப்படகுகளின் வானொலிக் கருவிகளுக்கு அந்தச் செய்தி எட்டவில்லை. தமிழகத்திலும் கேரளத்திலும் நூற்றுக்கணக்கான மீனவர்கள் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள்.

எச்சரிக்கை நிறங்களிலும் ஒரு சூட்சுமம் உண்டு. இந்தியாவில் மஞ்சள் எச்சரிக்கை என்பது கரையோரத்தில் மோசமான வானிலை தொடங்குவதற்கு 48 மணி நேரம் முன்பும், ஆரஞ்சு 24 மணி நேரம் முன்பும் தரப்படுவது. இந்தக் கணக்கு கரையில் இருப்பவர்களுக்கானது. கரைக்கு வராமல் கடலிலேயே ஓடும் புயல் மீனவரை முதலில் பிடித்துவிடும். ஆகவே மீனவர்களுக்கென்று தனியாக எழுதப்படும் வரியைத்தான் அவர் தேடிப் படிக்க வேண்டும்.

மலேசியாவில் மெட்மலேசியா விடுக்கும் "அங்கின் கெஞ்சாங் டான் லாவுட் பெர்கெலோரா" எச்சரிக்கை, அதாவது பலத்த காற்று, கொந்தளிக்கும் கடல் என்ற எச்சரிக்கை, மூன்று பிரிவுகள் கொண்டது. முதல் பிரிவில் காற்று 40 முதல் 50 கிலோமீட்டர், அலை 3.5 மீட்டர் வரை. இரண்டாவதில் 50 முதல் 60 கிலோமீட்டர், அலை 4.5 மீட்டர் வரை. மூன்றாவது அதற்கும் மேல். "முதல் பிரிவுதானே" என்று அலட்சியம் செய்யக் கூடாது. சிறு படகுகளுக்கு ஆபத்து என்று சொல்வதே அந்த முதல் பிரிவுதான்.

அலை உயரத்தையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். வானிலைத் துறைகள் பொதுவாகக் கணிப்பது, எல்லா அலைகளிலும் மிக உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரி உயரத்தை. இடையில் வரும் ஒற்றை அலை ஏறத்தாழ இருமடங்கு உயரம் எழலாம். காற்றும் அப்படியே. குறிப்பிடப்படுவது சராசரி வேகம். திடீர் வீச்சு அதைவிடக் கூடுதலாக இருக்கும்.

பங்கோரிலிருந்து ஒருவர் ஃபைபர் படகில் புறப்படுவதாக வைத்துக்கொள்வோம். காலை 6 மணிக்குக் கடல் அமைதி. முதல் பிரிவு எச்சரிக்கை மாலை 4 மணிக்குத் தொடங்குகிறது. மீன்பிடி இடத்துக்கு இரண்டு மணி நேர ஓட்டம். மதியம் 2 மணிக்குக் கிளம்பினால் 4 மணிக்குக் கரை சேரலாம் என்பது அவர் கணக்கு. எதிர்க்காற்றில் அந்த இரண்டு மணி நேரம் நான்காகலாம், எஞ்சினும் மக்கர் செய்யலாம். காற்றோ கணித்த நேரத்துக்கு முன்பே வரலாம். ஆக, அறிக்கை வெளியான நேரத்தைப் பார்த்தால் போதாது. அது எப்போது தொடங்கி எதுவரை நீடிக்கும், அந்த நேரத்தில் படகு எங்கே இருக்கும் என்பதையும் பார்க்க வேண்டும். மேற்சொன்னவர் அன்று கரையில் இருப்பதே கணக்கு.

மலாக்கா நீரிணையில் புயலா என்று சிரிப்பவர்கள் இன்றும் உண்டு. 2025 நவம்பர் 26ஆம் தேதி அதே நீரிணையில்தான் சென்யார் புயல் உருவானது. சுமத்ராவில் அது கொண்டுவந்த வெள்ளமும் நிலச்சரிவும் பெரும் உயிர்ச்சேதம் விளைவித்தன. பிறகு நீரிணையைக் கடந்து 28ஆம் தேதி தீபகற்ப மலேசியாவுக்கே வந்தது.

இனி அறிக்கை கைக்கு வந்தால் நான்கு கேள்விகள் போதும். எந்தக் கடற்பகுதி? காற்று எத்தனை கிலோமீட்டர்? அலை எத்தனை மீட்டர்? எப்போதிலிருந்து எப்போது வரை? புயலுக்கு என்ன பெயர் என்பதைக் கரையில் உட்கார்ந்து தெரிந்துகொள்ளலாம்.