நன்மை வரிசைக்கு முன்

ராயபுரம் என்ற பெயரிலேயே ஒரு கோயில் இருக்கிறது. பேதுருவைத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் இராயப்பர் என்று அழைப்பார்கள். இங்குள்ள படகோட்டிகள் தங்கள் உழைப்பின் பணத்தில் அவருக்கு எழுப்பிய ஆலயத்தால்தான் ஊருக்கு இந்தப் பெயர் வந்தது. அதே ராயபுரத்தில், மேற்கு மாதா கோயில் தெருவில், 1910-இல் திறந்த பார்சிகளின் அக்கினிக் கோயிலும் நிற்கிறது. அதன் உள்ளே பார்சிகள் மட்டும்தான் போகலாம்.

கத்தோலிக்கக் கோயில் அப்படியல்ல. "எங்கள் கோயிலுக்கு யாரும் வரலாம் என்று சொல்ல, வாட்ஸ்அப்பில் அனுப்ப ஒரு சின்ன வீடியோ எடுக்கலாமா?" என்று பங்குகளில் இளைஞர்கள் கேட்கிறார்கள். எடுக்கலாம். ஆனால் "அனைவரும் வருக" என்று பாட்டும் பூவுமாகக் காட்டினால், அது புதிதாக வருகிறவருக்கு உதவாது. வாசலைத் தாண்டியதும் தான் ஏதாவது தப்பாகச் செய்து, எல்லோரும் திரும்பிப் பார்த்துவிடுவார்களோ என்பதுதான் அவருடைய பயம்.

ஞாயிறு பூசையையே எடுத்துக்கொள்வோம். செருப்பை வெளியே விடுவதா, போட்டுக்கொண்டே போவதா? இது கோயிலுக்குக் கோயில் மாறும். அதனால் உங்கள் கோயிலில் செருப்பு விடுகிற இடத்தைக் கேமராவில் காட்டிவிடுங்கள். அடுத்து, எங்கே உட்காருவது? எல்லோரும் முழந்தாளிடும்போது அவர் என்ன செய்வது? "விரும்பினால் முழந்தாளிடுங்கள், இல்லாவிட்டால் அமைதியாக உட்கார்ந்திருங்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டோம்" என்று ஒரு வாக்கியம் போதும்.

சிக்கல் நன்மை வாங்குகிற வரிசையில்தான் வருகிறது. முன்வரிசை எழுந்து நடக்கும்போது, புதியவர் கூட்டத்தோடு சேர்ந்து போய்விடுவார். அவர் பார்த்தவரையில் அது பிரசாதம் மாதிரிதான். ஆனால் கத்தோலிக்கத் திருச்சபையில், திருமுழுக்குப் பெற்ற கத்தோலிக்கர்தான், அதுவும் தயாரிப்போடு, அதை வாங்க வேண்டும். இதைக் குருவானவர் பலர் முன்னால் வரிசையில் சொல்ல நேர்ந்தால், கேட்ட மனிதர் மறுபடி அந்தப் பக்கம் வருவாரா? இதே செய்தியை வீட்டிலிருக்கும்போதே கைபேசியில் கேட்டிருந்தால் அவருக்கு வலித்திருக்காது. "நன்மை எங்கள் விசுவாசத்தில் சேர்ந்தவர்களுக்கானது. அந்த நேரத்தில் நீங்கள் உங்கள் இடத்திலேயே இருந்து ஜெபிக்கலாம். ஆசீர்வாதம் வேண்டுமானால் பூசை முடிந்ததும் சாமியாரிடம் கேளுங்கள்." சில பங்குகளில் கைகளை மார்பில் குறுக்காக வைத்து வரிசையில் வந்தால் ஆசீர்வாதம் தருவார்கள். உங்கள் பங்கில் அந்த வழக்கம் உண்டா என்று பங்குத்தந்தையிடம் கேட்டுவிட்டு மட்டும் வீடியோவில் சேர்த்துக்கொள்ளுங்கள். மறுக்கப்படுவது எது என்பதோடு, அதற்குப் பதிலாக என்ன செய்யலாம் என்பதும் அதே மூச்சில் வர வேண்டும். அக்கினிக் கோயிலின் எல்லையைத் தெருவில் நிற்கும்போதே அறிந்துகொள்கிறோம், யாரும் புண்படுவதில்லை. நம் கோயிலின் எல்லையோ பாதி வழி வந்த பிறகுதான் தெரிகிறது.

இருக்கை விஷயம் இன்னும் ஆழமானது. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளம் கோயிலில், வெவ்வேறு சாதிக்காரர்கள் தனித்தனியாக இருந்து பூசை காண இரண்டு கூடங்களும் நடுவே தடுப்பும் வைத்திருந்தார்கள். இயேசு சபைக் குரு கௌசானல் 1910-இல் அந்தத் தடுப்பை இடிக்கச் செய்தார். எதிர்த்தவர்கள் உயர் நீதிமன்றம் வரை போனார்கள், ஆனால் தனி இடம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஆகவே "எங்கே வேண்டுமானாலும் உட்காருங்கள்" என்று வீடியோவில் சொல்லும் முன், உங்கள் கோயிலில் முன் இருக்கைகள் யாருக்காகவோ காலியாக வைக்கப்படுகின்றனவா என்று ஒரு ஞாயிறு கவனியுங்கள். அப்படியானால் வீடியோவைத் தள்ளிவைத்து, முதலில் அதைப் பங்குப் பேரவையில் பேசுங்கள். நடக்காததைப் படத்தில் காட்டினால், அதை நம்பி வருகிறவரைத்தான் காயப்படுத்துவோம்.

படம் பிடிக்கும்போதும் ஒரு கவனம் தேவை. அர்மேனியன் தெருவில் அந்தோணியாரிடம் செவ்வாய்க்கிழமைகளில் எல்லா மதத்தாரும் வருகிறார்கள். தான் வருவது வீட்டுக்குத் தெரியக் கூடாது என்று நினைக்கிறவர் அவர்களில் இருக்கலாம். ஜெபிக்கிற முகங்களைக் காட்டாதீர்கள். ஆளில்லாத நேரத்தில் எடுங்கள், சம்மதித்த இரண்டு பேர் மட்டும் நடந்து காட்டட்டும். ஒன்றரை நிமிடம் தாராளம். பேச்சு முழுவதும் எழுத்தாகவும் கீழே ஓடட்டும். காது கேளாதவருக்கும், பேருந்தில் ஒலியை நிறுத்திப் பார்க்கிறவருக்கும் அது வேண்டும். சக்கர நாற்காலி ஏறுகிற சரிவுப்பாதை பக்க வாசலில் இருந்தால், அந்த வாசலையும் காட்டுங்கள்.

அனுப்பும் முன், அந்தக் கோயிலுக்குள் ஒருநாளும் போகாத ஒருவருக்குப் போட்டுக் காட்டுங்கள். "நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள். "செருப்பை எங்கே விடுவீங்க? எங்கே உட்காருவீங்க? வரிசை கிளம்பும்போது என்ன செய்வீங்க?" என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு அவர் தயங்கினால், அந்தப் பகுதியை மறுபடியும் எடுங்கள்.