ஸ்டீயரிங்குக்கும் நெஞ்சுக்கும் நடுவே 25 சென்டிமீட்டர்

இன்று உங்களிடம் ஓர் அடிக்கோலைப் பற்றிப் பேசப் போகிறேன். பேரப்பிள்ளைகளின் பள்ளிப் பையில் இருக்குமே, அந்த 30 சென்டிமீட்டர் அடிக்கோல்தான்.

உங்களில் கார் ஓட்டுபவர்கள் பலர், குறிப்பாக உயரம் குறைந்த அம்மாமார்கள், ஸ்டீயரிங்கை நெஞ்சோடு அணைத்தபடி உட்கார்ந்து ஓட்டுவதைப் பார்க்கிறோம். கால் பிரேக்கை எட்ட வேண்டும், முன்னால் சாலை தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் அப்படி உட்காருகிறீர்கள். அதில் தவறில்லை. ஆனால் அந்த ஸ்டீயரிங்கின் நடுவில் காற்றுப்பை மடித்து வைக்கப்பட்டிருக்கிறது.

கார் எதன்மீதாவது பலமாக மோதினால், அந்தப் பை கண் இமைப்பதற்குள் வெடித்து விரியும். மெத்தென்று நம்மைத் தாங்குவது அது முழுவதும் விரிந்த பிறகுதான். விரியத் தொடங்கும் முதல் 5 முதல் 8 சென்டிமீட்டர் தூரத்தில்தான் அதன் வேகமும் விசையும் மிக அதிகம். உங்கள் நெஞ்சு அந்த இடத்தில் இருந்தால், பை தாங்காது, குத்தும். இளைஞருக்குக் கன்றிப்போகும் அடி, எலும்பு மெலிந்த முதியவருக்கு விலா முறிவாகலாம். விலா முறிந்தால் வலியால் ஆழமாக மூச்சிழுக்கவும் இருமவும் முடியாது. அதனால் சளி தேங்கி நுரையீரலில் கிருமித்தொற்று வரும் ஆபத்து உண்டு. விபத்தில் தப்பியவர்கள் அதற்குப் பிறகு படுக்கையில் விழுவது இப்படித்தான்.

அதனால்தான் நெஞ்செலும்புக்கும் ஸ்டீயரிங்கின் நடுப்பகுதிக்கும் இடையே குறைந்தது 25 சென்டிமீட்டர் இருக்க வேண்டும் என்கிறோம். எஞ்சினை நிறுத்திவிட்டு, வழக்கமாக ஓட்டும்போது போடும் காலணியோடு, வழக்கம்போல உட்காருங்கள். பக்கத்தில் இருப்பவரை அளக்கச் சொல்லுங்கள்.

ஐந்தடி உயரமுள்ள ஓர் அம்மா அளந்து பார்த்தார், 17 சென்டிமீட்டர்தான் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். முதலில் இருக்கையைப் பின்னால் தள்ளட்டும். பிரேக்கை அடிவரை மிதித்தாலும் முழங்கால் சற்று மடங்கியே இருக்க வேண்டும், அதுதான் எல்லை. இதில் அவருக்கு 2 சென்டிமீட்டர் கிடைக்கிறது. அடுத்து, முதுகுச் சாய்வைச் சற்றே பின்னால் சாய்த்தால் இன்னொரு 4. இப்போது 23. சில கார்களில் ஸ்டீயரிங்கை உள்ளே தள்ளவும் முடியும். அவருடைய காரில் அந்த வசதி இருந்தால் மீதியும் கிடைத்துவிடும். இல்லையென்றால் முதுகை இன்னும் கொஞ்சம் சாய்க்கலாம்.

சாய்ந்ததும் சாலை தெரியவில்லை என்பார். இருக்கையை உயர்த்தும் பிடி இருந்தால் உயர்த்துங்கள். இல்லையென்றால் வழுக்காத, கெட்டியான திண்டு ஒன்றை அடியில் போடலாம். முதுகுக்குப் பின்னால் தலையணை வைக்காதீர்கள். அது மறுபடியும் உங்களை முன்னால் தள்ளிவிடும். ஸ்டீயரிங்கைச் சற்றுத் தாழ்த்துங்கள், பை முகத்தை நோக்காமல் நெஞ்சை நோக்கி விரியட்டும். இருக்கை வாரைக் கட்டாயம் மாட்டுங்கள். அது இல்லாவிட்டால், பிரேக் பிடிக்கும்போதே உடல் முன்னால் சரிந்து, அளந்து வைத்த தூரம் காணாமல் போய்விடும்.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். முன்பயணியின் எதிரே, ஏர்பேக் என்று பொறித்த மூடிக்கு மேல் பிள்ளையாரை ஒட்டி வைத்திருப்பவர்கள் அவரை வேறிடத்துக்கு மாற்றிவிடுங்கள். பை விரியும்போது அந்தச் சிலை கல்லைப்போல் முகத்தில் வந்து மோதும்.

முதுகைச் சாய்த்ததால் இன்னொரு வேலை வந்து சேர்கிறது. சாய்ந்தபடி நிமிர்ந்து பார்க்கும்போது, தலைக்கும் பின்னாலுள்ள தலைத்தாங்கிக்கும் நடுவே இடைவெளி விழுகிறது. பின்னால் வரும் கார் இடித்தால், இருக்கை நம் உடலை முன்னால் தள்ளும், தலை மட்டும் பின்தங்கிக் கழுத்து வெட்டி இழுக்கும். தேய்ந்த கழுத்து எலும்பு இதைத் தாங்காது. தலைத்தாங்கி அந்தத் தலையைப் பிடித்து நிறுத்தத்தான் இருக்கிறது, சாய்ந்து தூங்க அல்ல.

எனவே அதைக் கடைசியாகச் சரிசெய்யுங்கள். பக்கத்திலுள்ள பொத்தானை அழுத்தினால் ஏறும், இறங்கும். அதன் மேல் விளிம்பு உச்சந்தலை மட்டத்துக்கு வரட்டும். காதின் மேல்நுனிக்குக் கீழே இருக்கவே கூடாது. கழுத்தளவில் நின்றால், தலை அதற்கு மேலாக மடிந்துவிடும். பின்தலைக்கும் அதற்கும் உள்ள இடைவெளி நான்கு விரல் அகலத்துக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் இருந்தால், முதுகை அதிகம் சாய்த்துவிட்டீர்கள் என்று பொருள். கொஞ்சம் நிமிர்த்திவிட்டு, 25 சென்டிமீட்டர் இன்னும் இருக்கிறதா என்று மறுபடி அளந்து பாருங்கள். இரண்டும் சேர்ந்து அமையும் இடம்தான் உங்கள் இடம்.

மகனோ மருமகளோ அதே காரை ஓட்டுவதாக இருந்தால், அவர்கள் இறங்கிய பிறகு இருக்கையும் தலைத்தாங்கியும் இடம் மாறியிருக்கும். அடிக்கோலைக் காரிலேயே போட்டு வையுங்கள்.