போனில் பேசியது மின்னஞ்சலில் வர வேண்டும்

(நெய்வேலியில் வேலை தேடும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் நம் அறக்கட்டளை நடத்திய கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



சுரங்கத்தில் ஓராண்டு அப்ரண்டிஸ் முடித்த நம் தம்பி ஒருவருக்குச் சென்னையில் ஒரு தனியார் கம்பெனியில் வேலை கிடைத்தது. ஆண்டுக்கு 4,80,000 ரூபாய் என்று ஆஃபர் லெட்டர் வந்தது. தம்பி தயங்கிக் கேட்டதும், மேனேஜர் போனில், "5,40,000 போட்டுடலாம், வந்து சேருங்க" என்றார். மகிழ்ச்சியில் தம்பி அந்தப் பழைய லெட்டருக்கே "ஏற்றுக்கொள்கிறேன்" என்று பதில் அனுப்பிவிட்டார். முதல் மாதச் சம்பளம் 4,80,000 கணக்கில்தான் வந்தது. போய்க் கேட்பதற்குள் அந்த மேனேஜர் வேறு ஊருக்கு மாறிவிட்டார். எழுத்தில் இருந்தது தம்பிக்கு எதிராகவே நின்றது.

மேனேஜரைப் பொய்யர் என்று நாம் சொல்ல வரவில்லை. வாய்மொழி ஒப்பந்தமும் சட்டப்படி ஒப்பந்தம்தான். ஆனால் நிபந்தனைகளை ஒரு கடிதத்தில் எழுதி இருவரும் ஏற்ற பிறகு, அதற்கு மாறாக முன்பு வாயால் பேசியதைச் சாட்சியமாக்குவது மிகக் கடினம். சாட்சியச் சட்டம் பொதுவாக அதை அனுமதிப்பதில்லை. அதனால்தான் "ஏற்கிறேன்" என்ற ஒரு சொல்லை எந்தத் தொகையோடு சேர்த்து எழுதுகிறோம் என்பதில் எல்லாம் இருக்கிறது.

தம்பி எழுதியிருக்க வேண்டியது இதுதான். ஆங்கிலத்தில் எழுதினாலும் வரிசை இதே:

"ஐயா, இன்று காலை தொலைபேசியில் பேசியதற்கு நன்றி. நாம் ஒப்புக்கொண்டபடி, ஆண்டுச் சம்பளம் 5,40,000 ரூபாய். அதில் நிலையான பகுதி இவ்வளவு, ஊக்கத்தொகை இவ்வளவு. சேரும் நாள் அடுத்த மாதம் முதல் தேதி. இந்த நிபந்தனைகளின்படி வேலையை ஏற்கிறேன். தேதியிட்ட முந்தைய கடிதத்தில் 4,80,000 என்று இருப்பதால், திருத்திய கடிதத்தை அனுப்பித் தருமாறு வேண்டுகிறேன்."

மனிதவளப் பிரிவுக்கும் நகல் போக வேண்டும். பல இடங்களில் சம்பளத்தை மாற்றும் அதிகாரம் மேனேஜருக்கு இருக்காது, அவர் சிபாரிசுதான் செய்வார். பேசிய அன்றே அனுப்புங்கள். பேசாத ஒன்றை, ஆசைப்பட்டு, இதில் நுழைக்காதீர்கள். ஏற்பு முழுமையாகவும் மாற்றமில்லாமலும் இருக்க வேண்டும் என்கிறது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம். புதிதாக ஒன்றைச் சேர்த்தால் அது ஏற்பாக இராது, எதிர் முன்மொழிவாகிவிடும்.

நிலையான பகுதி, ஊக்கத்தொகை என்று பிரித்து எழுதச் சொன்னதற்குக் காரணம் உண்டு. 5,40,000-ஐ 12-ஆல் வகுத்தால் மாதம் 45,000. வீட்டில் அம்மா கையில் 45,000 வரும் என்று நினைப்பார். கம்பெனி சொல்வது தன் மொத்தச் செலவு. அதில் ஊக்கத்தொகை பத்தில் ஒரு பங்கு என்றால் மாதம் 4,500 போயிற்று. கம்பெனி கட்டும் வருங்கால வைப்பு நிதி 15,000 அடிப்படையில் 1,800. பணிக்கொடைக்கு, அடிப்படைச் சம்பளம் 22,500 என்றால், ஏறக்குறைய 1,080. மீதி சுமார் 37,600. அதில் தம்பியின் பங்கு வைப்பு நிதி 1,800 கழிந்தால் கைக்கு வருவது 35,800 அளவில். ஒன்பதாயிரம் ரூபாய் வித்தியாசம்! "கைக்கு எவ்வளவு" என்று போனிலேயே கேளுங்கள், கேட்ட விடையையும் எழுதுங்கள்.

மின்னஞ்சலுக்குக் கோர்ட்டில் மதிப்பு உண்டா என்று ஒரு அத்தா கேட்டார். உண்டு. 2010-இல் ட்ரைமெக்ஸ், வேதாந்தா அலுமினியம் வழக்கில், முறையான பத்திரம் கையெழுத்தாகாமலே, இரு தரப்பும் மாற்றிக்கொண்ட மின்னஞ்சல்களால் ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது பாக்சைட் கனிமம் வாங்கும் வணிக வழக்கு. சம்பள வழக்கு அல்ல. ஆனாலும் ஒப்பந்தம் எப்படி உருவாகிறது என்ற விதி பொதுவானது.

இன்னொரு பெரியவர், "எழுதிக் கேட்டால் நம்பவில்லை என்று நினைக்க மாட்டார்களா?" என்றார். அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம் தவணைக் கடனை எழுதி வைக்கச் சொல்வது நமக்குத் தெரியாததா? கடன் கொடுப்பவரும் வாங்குபவரும் நல்லவர்களாக இருக்கும்போதும் அப்படித்தான். நல்ல கம்பெனி கோபிக்காது.

பதில் வராவிட்டால் இரண்டு மூன்று நாள் பொறுத்து, அதே மின்னஞ்சலின் கீழே பணிவாக நினைவூட்டுங்கள். மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். திருத்திய கடிதம் வரும்வரை, இப்போது பார்க்கும் வேலையில் ராஜினாமா கொடுக்காதீர்கள். கடிதம் வந்ததும் ஒவ்வொரு எண்ணையும் உங்கள் மின்னஞ்சலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். "இதற்கு முந்தைய பேச்சுகள் எதுவும் செல்லாது" என்ற வரி இருந்தால், பேசியது அத்தனையும் அந்தக் கடிதத்துக்குள் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

கடிதம் புரியாதவர்கள் வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் அறக்கட்டளை அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். உட்கார்ந்து சேர்ந்து படிப்போம்.